எட்டுப் பெண்களும் ஒரு பற்பொடியும்

வில்லியனூரில் எங்கள் கடைக்கு வாரம் ஒருமுறை வந்து சரக்கு இறக்கிவிட்டுப் போகும் ஏஜெண்டு ஒருநாள் என் அப்பாவிடம், உங்க பொண்ணுக்குச் சுருக்கெழுத்து தெரியுமாமே என்று கேட்டார். தெரியும் என்று அப்பா சொன்ன தொனியில் கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் சலிப்பும் இருந்தன. சென்னையில் சித்தி வீட்டில் தங்கி ஒரு வருஷம் கற்றுக்கொண்டு வந்திருந்தேன். அந்த வித்தையை வைத்துக்கொண்டு வில்லியனூரில் செய்வதற்கு ஒன்றுமில்லை. சமையல் குறிப்புகளைச் சுருக்கெழுத்தில் எழுதி வைப்பேன். அம்மாவால் அதைப் படிக்க முடியாது என்பதால் ஒவ்வொரு தடவையும் என்னையே கூப்பிட வேண்டியிருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஏஜெண்டு சொன்ன வேலை இதுதான். சென்னைக் கம்பெனி ஒன்று புதிதாக ஒரு பற்பொடி செய்திருக்கிறது. இளஞ்சிவப்பு நிறம், கிராம்பு வாசனை, நாக்கில் வைத்தால் இனிப்பு. அதைக் கடைகளுக்கு அனுப்புவதற்கு முன்னால், பாகூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் எட்டுப் பெண்களுக்கு ஆளுக்கு ஒரு டப்பா கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வாரம் பயன்படுத்தியபின் எட்டுப் பேரையும் ஓரிடத்தில் உட்காரவைத்துப் பேசச் சொல்வார்கள். பேச்சை நடத்தச் சென்னையிலிருந்து ஒரு பெண் வருவாள். பேசுவதை எல்லாம் நான் எழுத வேண்டும். பிறகு அதைச் சுருக்கிக் கம்பெனிக்கு ஒரு அறிக்கையாகத் தரவேண்டும். இன்று இதற்கு ஃபோகஸ் குரூப் என்று பெயர் சொல்கிறார்கள். அன்று எங்களுக்கு அது வெறும் ‘பேச்சு’தான்.

பாகூரில் ஒரு பெரிய பண்ணைக்காரர் வீட்டுக் கூடத்தில் ஏற்பாடு. மத்தியானச் சாப்பாடு முடிந்து, ஆண்கள் கரும்பு வயலுக்குப் போனபின், எட்டுப் பெண்களும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். பெயரைச் சொல்ல வேண்டாம், எண் போதும் என்று சென்னைக்காரி ஏற்கெனவே சொல்லியிருந்தாள். வட்டத்தில் என் வலப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று தொடங்கி எட்டு வரை எண் வைத்துக்கொண்டேன். எட்டாவது எண் கிடைத்தது வயதான ஒரு அம்மாளுக்கு. மருமகளுக்குக் காய்ச்சல், அவளுக்குப் பதிலாக வந்திருக்கிறேன் என்றாள். அவள் வாயைத் திறந்து சிரித்தபோது பார்த்தேன். ஒரு பல்கூட இல்லை.

நான் சென்னைக்காரியைப் பார்த்தேன். அவள் முகத்தை மாற்றாமல், பரவாயில்லை, எழுதிக்கோ என்று கண்ணால் சொன்னாள்.

எட்டுப் பேரைத் தவிர ஒன்பதாவதாகவும் ஒருவர் இருந்தார். அது அந்த வீட்டுப் பண்ணையம்மா. அவரை யாரும் அழைக்கவில்லை. அவர் வீடு என்பதால் யாராலும் போகச் சொல்லவும் முடியவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு முதல் கேள்விக்கு அவரே பதில் சொன்னார். இனிப்பு நன்றாக இருக்கிறது, வாய்க்குக் குளிர்ச்சியாக இருக்கிறது, வேப்பங்குச்சியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றார். கீழே இருந்த எட்டுத் தலைகளும் ஆடின. அடுத்த கேள்விக்கும் அப்படியே. என் நோட்டில் முதல் ஒன்பது பக்கமும் ஆமாம், ஆமாம் என்றுதான் இருந்தது. சுருக்கெழுத்தில் ‘ஆமாம்’ ஒரு சின்னக் கோடு. என் நோட்டு வேலி போட்டதுபோல் ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில் சென்னைக்காரி ஒரு காரியம் செய்தாள். பண்ணையம்மாவைப் பார்த்து, உங்க வீட்டுக் காபியைப் பற்றிச் சென்னையிலேயே சொன்னாங்க என்றாள். யாரும் சொல்லியிருக்க முடியாது. பண்ணையம்மாவுக்கு வேறு யார் கையிலும் காபி போட விட மனம் வராது. எழுந்து உள்ளே போனார். அவர் காலடிச் சத்தம் அடுக்களை வரை போய் நின்றது. அதன்பின் பாயில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்தார்கள்.

ஆறாவது பெண் தொண்டையைக் கனைத்தாள். நாலு பிள்ளைகளுக்குத் தாய், கரும்பு போடும் குடும்பம். அவள் சொன்னதை நான் வார்த்தை விடாமல் எழுதினேன்.

“எனக்கு ருசி புடிச்சிது. ஆனா பசங்க அதத் துலக்கறதில்ல, துன்றாங்க. டப்பா நாலே நாள்ல காலி. இன்னொரு டப்பா சும்மா குடுத்தாக்கூட வூட்டுல வெக்க மாட்டேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஐந்தாவது பெண் மட்டும் சிரிக்காமல், இனிப்பு இப்படியே இருக்கட்டும், பிள்ளையை அடக்கி வைக்காதது பற்பொடியின் குற்றமா என்று கேட்டாள். அங்கே பிடித்துக்கொண்டது. ஐந்துக்கும் ஆறுக்கும் அடுத்தடுத்த வீடு, பொதுக்கிணறு, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வேறு சண்டைகள். எல்லாம் அந்தப் பற்பொடிக்குள் வந்துவிட்டன. சென்னைக்காரி பொறுமையாக இருவரையும் மறுபடி மறுபடி டப்பாவிடம் இழுத்து வந்தாள். இரண்டாவது பெண் நடுவில் புகுந்து, எனக்கு இனிப்புப் பிடிக்கும், ஆனால் பிள்ளைகளுக்கு எட்டாமல் டப்பாவைப் பரண்மேல்தான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்றாள். ஒன்று, மூன்று, ஏழு மூவரும் இனிப்புதான் வேண்டும் என்று உறுதியாகச் சொன்னார்கள். நாலாவது பெண் கடைசிவரை ஒன்றும் பேசவில்லை. பண்ணையம்மா இருந்தபோது தலையாட்டியதுதான் அவள் பங்கு. எட்டாவது அம்மாள், ஈறில் தேய்த்தால் சுகமாக இருக்கிறது என்றும், குத்துவிளக்கை அதில் துலக்கினால் புளியைவிட நன்றாகப் பளபளக்கிறது என்றும் சொன்னாள்.

காபி வந்ததும் எல்லோரும் மறுபடி ஒரே கருத்துக்கு வந்துவிட்டார்கள்.

சென்னைக்காரி மறுநாளே ரயிலேறிவிட்டாள். பத்து நாளில் வருகிறேன், அதற்குள் சுருக்கி வை என்றாள். நான் இருபத்தாறு பக்கப் பேச்சையும் பெயர்த்து எழுதி, அதை ஒரே பக்கமாக்கினேன். ஒரு பக்கத்துக்குள் அடக்கியதில் எனக்கு அவ்வளவு பெருமை. அதில் முதல் வாக்கியம்: ‘பற்பொடியின் இனிப்பை அனைவரும் விரும்பினர்.’ கடைசி வாக்கியம்: ‘குழந்தைகள் விஷயத்தில் சிற்சில கருத்துகள் கூறப்பட்டன.’ ஏஜெண்டு அதைக் கடையில் நின்றபடியே படித்தார். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது என்று பாராட்டினார். வெள்ளிக்கிழமை தபாலில் சேர்த்துவிடலாம் என்றார்.

வியாழக்கிழமை ஆறாவது பெண் கடைக்கு வந்தாள். வில்லியனூரில் அவளுக்கு ஏதோ காரியம். வந்ததும் புளி கேட்டாள், மிளகு கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, அன்னைக்கு எழுதினியே, படிச்சுக் காட்டு என்றாள். கம்பெனிக்கு அனுப்பும் கடிதத்தைப் படித்துக் காட்டலாமா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் அவள் நகர்வதாகத் தெரியவில்லை. ஒரு பக்கம்தானே என்று படித்தேன்.

அவள் வாங்கிய பொட்டலங்களைக் கீழே வைத்தாள்.

“அவ்ளோதானா? அங்க நான் ஒரு மணி நேரம் கத்தினனே, அது எங்க?”

சிற்சில கருத்துகள் என்று போட்டிருக்கிறேனே என்று காட்டினேன்.

“சிற்சிலன்னா யாரு? நானா? நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு. துன்றாங்க, வாங்க மாட்டேன். அத எழுத இன்னா கஷ்டம்? அனைவரும்னு போட்டிருக்கியே, அதுல என்ன எதுக்குச் சேத்த?”

அப்பா தராசைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் காதை எங்கள் பக்கம் வைத்திருந்தார். எனக்கு முகம் சுட்டது. பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தானே சொன்னார்கள் அக்கா என்றேன். யார் யார் சொன்னார்கள், விரலை விட்டு எண்ணு என்றாள்.

எண்ணினேன். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. நான்கு பேர் தயக்கமில்லாமல் விரும்பியவர்கள். இரண்டு விரும்பியும் ஒளித்து வைத்தவள். ஆறு, எதிரே நிற்கிறாள். நான்கு பேசவேயில்லை. எட்டுக்குப் பல் இல்லை. என்னுடைய ‘அனைவரும்’ பாதிப் பேர்தான். அந்த அக்கா மிளகுப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, என் பேச்சை எழுதாவிட்டால் பரவாயில்லை, ஆனால் பக்கத்து வீட்டுக்காரி பேச்சை என் பேச்சாக எழுதாதே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அறிக்கையைத் தபாலில் போடவில்லை. ஏஜெண்டிடம் மை கொட்டிவிட்டது என்று பொய் சொன்னேன். இரண்டு நாள் உட்கார்ந்து மறுபடி எழுதினேன். எனக்கு ஏற்பட்டிருந்த குற்ற உணர்ச்சியில் ஐந்து பக்கம் ஆனது. அதில் மூன்றரைப் பக்கம் ஆறாவது பெண். அவள் பிள்ளைகள் டப்பாவை எப்படித் திறந்தார்கள், எவன் முதலில் நக்கினான், கடைசிப் பையனின் மூக்கு எப்படிச் சிவப்பானது, எல்லாம் இருந்தது.

சென்னைக்காரி திரும்பி வந்து இரண்டையும் வாங்கிப் படித்தாள். என்னைவிட அவள் இரண்டு வயதுதான் மூத்தவள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். முதலாவதைப் படித்து உதட்டைக் கடித்தாள். இரண்டாவதைப் படித்தபோது வாய்விட்டே சிரித்தாள்.

“முதல்ல எல்லாருக்கும் பிடிச்சிருந்துது. இப்போ யாருக்குமே பிடிக்கலை. நடுவுல பாகூர்ல என்ன நடந்துதுன்னு யாருக்காவது தெரியணுமா, வேண்டாமா?”

நான்கு பேருக்குப் பிடித்தது உண்மைதானே, அதை ஏன் ஒளித்தாய் என்று கேட்டாள். இருவரும் கடைப் பின்கட்டில் உட்கார்ந்து மூன்றாவது தடவை எழுதினோம். அவளுக்கும் எல்லாம் தெரிந்துவிடவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. நாலாவது பெண்ணை எங்கே போடுவது என்று அரை மணி நேரம் வாதாடினோம். மௌனம் சம்மதம் என்று நான் சொன்னேன். கல்யாணப் பேச்சில் வேண்டுமானால் இருக்கட்டும், பற்பொடியில் இல்லை என்றாள். எட்டாவது அம்மாளை விட்டுவிடலாம் என்று அவள் சொன்னாள். விளக்குத் துலக்கும் செய்தி யாருக்குக் கிடைக்கும், அது இருக்கட்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கடைசியில் அது தனியாக அடியில் இடம்பெற்றது: இவர் மருமகளுக்குப் பதிலாக வந்தவர், பல் இல்லை, ஆகவே ருசிபற்றிய எண்ணிக்கையில் சேர்க்கவில்லை, சொன்னது மட்டும் தரப்பட்டிருக்கிறது.

மூன்றாவது அறிக்கை இரண்டு பக்கம். இனிப்புபற்றிய பகுதி இப்படி இருந்தது:

‘ஏழு பேரில் நால்வர் (1, 3, 5, 7) இனிப்பை விரும்பினர், மாற்ற வேண்டாம் என்றனர். ஒருவர் (2) தமக்குப் பிடித்தாலும் குழந்தைகளுக்கு எட்டாமல் ஒளித்து வைக்கிறார். ஒருவர் (6) தமக்கு ருசி பிடித்தும், குழந்தைகள் தின்றுவிடுவதால் மறுபடி வாங்க மாட்டேன் என்கிறார்: “துலக்கறதில்ல, துன்றாங்க.” இதை எண் 5 மறுத்தார்: அது பெற்றவர்கள் பொறுப்பு என்பது அவர் வாதம். இருவரும் கடைசிவரை உடன்படவில்லை. ஒருவர் (4) கருத்துக் கூறவில்லை. வீட்டுக்கார அம்மாள் உடனிருந்தவரை (பக்கம் 1 முதல் 9) அனைவரும் பாராட்டினர். மேற்கண்ட வேறுபாடுகள் அவர் எழுந்து சென்றபின் (பக்கம் 10 முதல்) வந்தவை.’

ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் பேச்சுப் பக்கத்தின் எண் எழுதினேன். சந்தேகம் வந்தால் யாரும் நோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்கார அம்மாள் என்று எழுதியதற்கு மட்டும் எனக்குப் பயமாக இருந்தது. பண்ணையம்மா இதைப் படிக்கப் போவதில்லை என்று சென்னைக்காரி சொன்னாள். படித்தால் காபியையும் பாராட்டி ஒரு வரி சேர்ப்போம் என்றாள்.

ஏஜெண்டுக்கு இது பிடிக்கவில்லை. நூற்றுக்கு இத்தனை என்று எழுதினால் கம்பெனியில் மதிப்பார்கள் என்றார். எட்டுப் பேரை வைத்துக்கொண்டு நூறு பேர் கணக்கு சொன்னால் பாகூர் கொம்யூனில் உள்ள ஊரெல்லாம் பல் துலக்கிக் காட்டியதாக நினைத்துக்கொள்வார்கள் என்று சென்னைக்காரி மறுத்தாள். அவர் விட்டுக்கொடுத்தார். ஆனால் அறிக்கையை வாங்கி மறுபடி படித்தவரின் முகம் திடீரென்று மலர்ந்தது. சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். பின்னால் இணைத்திருந்த ஆறாவது பெண்ணின் பேச்சில், ‘டப்பா நாலே நாள்ல காலி’ என்பதன் கீழே இரண்டு கோடு போட்டார்.

நாலு நாளைக்கு ஒரு டப்பா என்றால் மாதத்துக்கு ஏழு டப்பா, இதைத்தான் முதல் பக்கத்தில் முதல் வரியாகப் போட வேண்டும், இதைப் போய்க் குறையாக எழுதியிருக்கிறீர்களே என்றார். மற்றதை எல்லாம் எடுத்துவிட்டு அந்த வரியை மட்டும் வைத்துக்கொள்ள அவர் தயாராக இருந்தார்.

நான்தான் பேசினேன். அதற்குமுன் அவரிடம் நான் எதிர்த்துப் பேசியதில்லை.

“அதுக்கு அடுத்த வரியையும் படிங்க சார்.”

அடுத்த வரியில், சும்மா கொடுத்தாலும் வைக்க மாட்டேன் என்று இருந்தது. அவர் அதைப் படித்தார். பென்சிலை மெதுவாகப் பைக்குள் வைத்தார். ஒரு டப்பாதான் அப்போ, என்றார்.

அறிக்கை அப்படியே போயிற்று. சென்னையிலிருந்து பதில் வந்தது. அறிக்கையின் பாராட்டுப் பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரே கேள்விதான்: பிள்ளைகள் தின்பது அந்த ஒரு வீட்டில் மட்டுமா, மற்ற வீடுகளிலுமா? எட்டுப் பேரில் ஒருவர் சொன்னதை வைத்துத் தீர்மானிக்க முடியாது, அதைத் தள்ளவும் முடியாது, சின்னக் குழந்தைகள் உள்ள தாய்மார்களை மட்டும் அழைத்து இன்னொரு பேச்சு நடத்துங்கள் என்று எழுதியிருந்தார்கள். ஏஜெண்டு அந்தக் கடிதத்தை ஊரெல்லாம் காட்டினார். அறிக்கை எழுதியதே அவர்தான் என்று சிலர் நினைத்தார்கள்.

இரண்டாவது பேச்சைக் கரியமாணிக்கத்தில், விடுமுறை நாளில் பள்ளிக்கூடத்தில் வைத்தோம். ஊஞ்சல் இல்லாத இடம் வேண்டும் என்று நான் முன்பே சொல்லிவிட்டேன். இம்முறையும் எட்டுப் பேர், எல்லோருக்கும் பல் இருந்தது. வந்த உடனே பார்த்துவிட்டேன். ஆறாவது பெண்ணின் பேச்சு அங்கே முதல் கேள்வியிலேயே வெடித்தது. ஐந்து வீடுகளில் பிள்ளைகள் தின்றிருந்தார்கள். அதில் ஒரு வீட்டில் ரொட்டியில் தூவித் தின்றிருந்தார்கள். இருவர் வீட்டில் பிரச்சினை இல்லை. டப்பாவைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள். பாகூரில் ஒற்றையாக இருந்தது கரியமாணிக்கத்தில் பெரும்பான்மை ஆகிவிட்டது. எனக்கு உடனே ஓடிப்போய் அந்த அக்காவிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

ஆனால் மூலையில் ஒருத்தி இருந்தாள். மெலிந்த குரல். மற்ற ஏழு பேரும் ஓய்ந்தபின் சொன்னாள்: அவள் மகனுக்குப் பல் துலக்குவதென்றால் அழுகை, ஓட்டம். இந்தப் பொடி வந்தபின் அவனே விடியலில் எழுந்து வந்து நிற்கிறான். கொஞ்சம் தின்கிறான், கொஞ்சம் துலக்குகிறான். பாதி துலக்கினால் போதாதா என்றாள்.

எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். பாகூரில் சிரித்த மாதிரியேதான். இம்முறை நான் ‘சிற்சில கருத்துகள்’ என்று எழுதவில்லை. அறிக்கையில் ஐவருக்குக் கீழேயே அவள் வந்தாள், அவள் சொன்ன சொற்களிலேயே, கொஞ்சமும் பெரிதாக்காமல். ஆறாவது பெண்ணின் கட்சிதான் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு உள்ளூர இருந்ததால், அந்த இரண்டு வரியை எழுதுவது கடினமாகத்தான் இருந்தது.

கம்பெனி கடைசியில் இனிப்பைக் குறைத்தது, அடியோடு எடுக்கவில்லை. டப்பாவின் மூடியில் நாலு ஓட்டை வைத்து, உள்ளே விரல் நுழையாதபடி செய்தது. அது யார் பேச்சால் வந்தது என்று சொல்ல முடியாது. எங்கள் கடையில் சுமாராக விற்றது. பூரணாங்குப்பத்திலிருந்து வரும் ஒருவர் மட்டும், பழைய இனிப்பு டப்பா இருந்தால் எடுத்து வையுங்கள் என்று வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

சென்னைக்காரியோடு பிறகு மூன்று வருஷம் இந்த வேலை செய்தேன். துணி, விளக்குத் திரி, தேயிலை. அதற்கு நடுவில் எனக்கு ஒரு வரன் வந்தது. விழுப்புரம் பக்கம், நெல் மண்டி வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனபின் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு மாமா, சித்தி எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். நான் அடுக்களை வாசலில் நின்றேன். முடிவில் அப்பா தரகருக்குக் கடிதம் எழுதினார். எழுதி முடித்து, பிழை இருக்கிறதா பார் என்று என்னிடமே கொடுத்தார். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ‘வீட்டில் அனைவருக்கும் சம்மதம்’ என்றிருந்தது.

பேனாவை எடுத்து ‘அனைவருக்கும்’ என்பதை அடித்தேன். மேலே எழுதினேன்: ‘ஐவருக்குச் சம்மதம். ஒருவருக்கு இல்லை. காரணம்: மாப்பிள்ளை இரண்டு மணி நேரத்தில் தன் அம்மாவைக் கேட்காமல் ஒரு பதிலும் சொல்லவில்லை.’

அப்பா வாங்கிப் படித்தார். வெகுநேரம் படித்தார். மாமா ஒருவர் என்னம்மா எழுதியிருக்கே என்று எட்டிப் பார்த்தார். அப்பா காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“ஒண்ணு சரியில்ல. ஐவர் இல்ல, நாலு பேரு” என்றார். “உங்கம்மா ஒண்ணும் சொல்லல.”

அம்மாவைப் பார்த்தோம். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டால் சொல்றேன், யாரும் கேக்கலியே என்றாள். கேட்டோம். அவளுக்கும் அந்தப் பையனைப் பிடிக்கவில்லை.